ஃபயர் லிஃப்ட்டுக்கு இரண்டு சப்ளை: நான்கு வழிகளில் உங்கள் கட்டடத்துக்கு எது?

அடுக்ககச் சங்கக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடும்போது மேசையில் இரண்டு, மூன்று விலைப்புள்ளிகள் கிடக்கும். எல்லாவற்றிலும் "ஃபயர் லிஃப்ட்டுக்கு டூயல் சப்ளை" என்றுதான் எழுதியிருக்கும். தொகை மட்டும் ஒன்றுக்கொன்று எக்கச்சக்கமாக மாறும். "எல்லாம் ஒன்றுதானே சார், குறைச்சலான தொகையை எடுத்துக்கலாமா?" என்று செயலாளர் கேட்பார். எல்லாம் ஒன்றில்லை. அந்த இரண்டு வார்த்தைக்குள் நான்கு வெவ்வேறு ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. தீப்பிடித்த அன்று அவை நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும்.

கையில் பிடித்துப் பேச ஓர் உதாரணக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் 14 மாடி, உயரம் ஏறக்குறைய 45 மீட்டர். ஒரு பிளாக்குக்கு இரண்டு லிஃப்ட். அதில் 13 பேர் போகும் ஒன்று ஃபயர் லிஃப்ட். வேகம் வினாடிக்கு 1 மீட்டர், மோட்டார் 5.5 கிலோவாட், ஓடும்போது சுமார் 12 ஆம்பியர். தரைத்தளத்தில் பின்பக்கம், கட்டடம் முழுவதுக்கும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எல்டி பேனல் அறை, முற்றத்தில் 125 கேவிஏ ஜெனரேட்டர். ஈபி போனால் ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் எல்டி பேனலில் இருக்கிறது. அங்கிருந்து ஒரே ஒரு அலுமினியம் கேபிள் மின் ஷாஃப்ட் வழியாக, வீடுகளுக்குப் போகும் கேபிள்களோடு ஒரே டிரேயில் ஏறி, மொட்டைமாடி மெஷின் ரூமுக்குப் போகிறது. நகரத்தில் நான் பார்த்த பெரும்பாலான கட்டடங்களின் நிலைமை இதுதான்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், நேரம். ஃபயர் லிஃப்ட் குடியிருப்பவர்கள் தப்பிப்பதற்கானது இல்லை. தீயணைப்பு வீரர்கள் ஹோஸ், மூச்சுக் கருவி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மேலே போவதற்கானது. 15 மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு இதைக் கேட்கும் தேசியக் கட்டட விதித்தொகுப்பு, தரையிலிருந்து உச்சி மாடிக்கு ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்கிறது. ஒருமுறை போய் வந்தால் வேலை முடிவதில்லை, திரும்பத் திரும்ப ஓட வேண்டும். பிரிட்டனின் பிஎஸ் 8519 தரநிலை இந்த லிஃப்ட்டுக்கான கேபிளை 120 நிமிட வகுப்பில் வைத்திருக்கிறது. நானும் இரண்டு மணி நேரத்தைத்தான் இலக்காக வைத்துக்கொள்கிறேன்.

இரண்டாவது, இரண்டு சப்ளையும் எந்த இடத்தில் ஒன்றாகின்றன என்பது. இதுதான் நான்கு அளவுகோல்களிலும் முக்கியமானது என்பது என் கருத்து. ஒன்றான இடத்துக்கு அப்பால் உங்களிடம் இருப்பது ஒரே சப்ளை. உதாரணக் கட்டடத்தில் அவை தரைத்தளத்திலேயே ஒன்றாகிவிடுகின்றன. ஆறாவது மாடி ஷாஃப்ட்டில் தீப்பிடித்தால் ஈபியும் இருக்கும், ஜெனரேட்டரும் ஓடும், லிஃப்ட்டுக்கு மட்டும் கரண்ட் வராது.

மூன்றாவது, ஒரு சப்ளை போய் இன்னொன்று வரும் இடைவெளியில் லிஃப்ட் என்ன செய்கிறது. நான்காவது, இதை யார், எப்படிப் பராமரித்துச் சோதிக்கப் போகிறார்கள்.

## வழி 1: ஈபி மட்டும், துணைக்கு பேட்டரி

விதித்தொகுப்பின் 2005 பதிப்பு, கரண்ட் போனால் லிஃப்ட் தானாக மாற்று சப்ளைக்கு மாற வேண்டும் என்று சொல்லிவிட்டு, கூடவே இன்னொரு வழியையும் தந்தது: கரண்ட் போனதும் லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து கதவைத் திறந்தபடி நிற்கும்படி ஒயரிங் செய்யலாம். இதைப் பிடித்துக்கொண்டு பலர் ஓர் ஏஆர்டி பெட்டியை மாட்டி முடித்துவிட்டார்கள். ஏஆர்டி என்பது கரண்ட் போனால் பேட்டரியில் லிஃப்ட்டை மெதுவாக நகர்த்திக் கதவைத் திறந்துவிடும் கருவி.

ஆனால் சந்தையில் கிடைக்கும் சாதாரண ஏஆர்டி லிஃப்ட்டைத் தரைத்தளத்துக்குக் கொண்டுபோவதில்லை. பக்கத்திலுள்ள மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கிறது. அன்றாட மின்வெட்டில் அது மிக நல்ல வேலை. தீ எரியும் நாளில் பக்கத்து மாடியே எரிகிற மாடியாக இருக்கலாம்.

செலவு குறைவு. ஆனால் பேட்டரி சில வருடங்களில் தளர்ந்துவிடும். மாற்றும் செலவு ஏஎம்சியில் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, முதல் அளவுகோலில் இது தேறவில்லை. ஒருமுறை இறங்கிவிட்டு நின்றுவிடும் லிஃப்ட்டால் தீயணைப்பு வீரருக்குப் பயனில்லை. ஃபயர் லிஃப்ட் கட்டாயமில்லாத நான்கைந்து மாடிக் கட்டடத்துக்கு இது போதும். 45 மீட்டருக்குப் போதாது. 2016 பதிப்பு ஃபயர் லிஃப்ட்டை, சாதாரண சப்ளை, அவசர சப்ளை இரண்டிலிருந்தும் மாற்றும் வசதியோடு மின்சாரம் பெற வேண்டியவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது.

## வழி 2: ஈபியும் ஜெனரேட்டரும், சேஞ்ச்ஓவர் கீழே, மேலே ஒரே கேபிள்

உதாரணக் கட்டடத்தில் இப்போது இருப்பது இதுதான். இதையே இரண்டு திருத்தங்களோடு நல்ல ஏற்பாடாக்கலாம்.

முதல் திருத்தம், ஃபயர் லிஃப்ட்டின் இணைப்பைக் கட்டடத்தின் மெயின் பிரேக்கருக்கு முன்னாலிருந்தே தனியாக எடுப்பது. தீப்பிடித்ததும் நடக்கும் முதல் காரியம், யாராவது ஓடிப்போய் மெயினை அணைப்பது. அது சரியான செயல்தான், ஹோஸில் தண்ணீர் அடிக்கப்போகும் இடத்தில் கரண்ட் இருக்கக்கூடாது. ஆனால் அந்த ஒரே கைப்பிடியில் ஃபயர் லிஃப்ட்டும் அணைந்துவிடக் கூடாது. தனி பிரேக்கர், அதன்மேல் "ஃபயர் லிஃப்ட் – தீயின்போது அணைக்காதீர்கள்" என்ற பலகை, இரவு செக்யூரிட்டிக்கு அதைப் பற்றிய பயிற்சி, மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். ஜெனரேட்டருக்கும் இதேதான். மெயினை அணைத்ததும் அது தானாக ஓடத் தொடங்கும். பதறிப்போய் அதையும் நிறுத்திவிட்ட இடங்கள் உண்டு.

இரண்டாவது திருத்தம், மேலே போகும் அந்த ஒரே கேபிளைத் தீயைத் தாங்கும் வகையாக மாற்றி, வீட்டுக் கேபிள்களோடு சேர்க்காமல் லிஃப்ட் ஷாஃப்ட்டுக்குள் கொண்டுபோவது. பாதுகாப்பான வழி என்று 2005 பதிப்பு சொன்னதும் லிஃப்ட் ஷாஃப்ட்டைத்தான்.

மறைந்த செலவு ஜெனரேட்டரில் இருக்கிறது. 125 கேவிஏ என்றால் ஒரு லிஃப்ட்டுக்குத் தாராளம். ஆனால் அதே நேரத்தில் ஃபயர் பம்பும், படிக்கட்டுக்குக் காற்றடிக்கும் விசிறியும் அதே ஜெனரேட்டரில் கிளம்பினால்? 55 கிலோவாட் பம்ப் கிளம்பும் கணத்தில் வோல்டேஜ் சரியும். லிஃப்ட் கன்ட்ரோலர் வோல்டேஜ் குறைவு என்று நின்றுவிடும். எல்லாத் தீ பாதுகாப்புச் சுமைகளும் ஒன்றாகக் கிளம்பினாலும் ஜெனரேட்டர் தாங்க வேண்டும் என்றுதான் 2016 பதிப்பும் கேட்கிறது. பேனலில் நேர இடைவெளி வைத்துக் கிளப்புவது, அல்லது பம்புக்குத் தனி டீசல் எஞ்சின் வைப்பது என்று இதற்கு வழியுண்டு. விலைப்புள்ளியில் இந்த வரி இருக்கிறதா என்று கேளுங்கள்.

## வழி 3: இரண்டு கேபிள், இரண்டு பாதை, சேஞ்ச்ஓவர் மேலே

ஈபி கேபிள் ஒரு பாதையில், ஜெனரேட்டர் கேபிள் வேறொரு பாதையில் ஏறி, மெஷின் ரூமுக்குள் வந்த பிறகே ஒன்றாகின்றன. தானியங்கி மாற்றியான ஏடிஎஸ், லிஃப்ட் கன்ட்ரோலருக்கு இரண்டடி தள்ளி நிற்கிறது. ஆறாவது மாடியில் ஒரு கேபிள் எரிந்தால் ஏடிஎஸ் அதை உணர்ந்து மற்றதற்கு மாறும். மெஷின் ரூமே இல்லாத லிஃப்ட் என்றால் கன்ட்ரோலர் உச்சி மாடிக் கதவோரம் இருக்கும். அப்போது ஏடிஎஸ்ஸை அந்த மாடியின் ஃபயர் லிஃப்ட் லாபிக்குள், தீத்தாங்கும் கதவுள்ள அலமாரியில் வைக்க வேண்டும்.

இங்கே நான் கண்ட தவறுகள் இரண்டு. ஒன்று, வரைபடத்தில் இரண்டு பாதை, கட்டடத்தில் ஒரே ஷாஃப்ட்டின் இடச் சுவரும் வலச் சுவரும். அது இரண்டு பாதை ஆகாது, நடுவில் தீத்தாங்கும் சுவர் வேண்டும். மற்றது கொஞ்சம் நுணுக்கமானது. ஈபி போனால்தான் ஜெனரேட்டர் கிளம்பும் என்று கீழ்ப் பேனலில் அமைத்திருப்பார்கள். ஆனால் மேலே ஈபி கேபிள் எரிந்தாலும் கீழே ஈபி இருந்துகொண்டேதான் இருக்கும், ஜெனரேட்டர் கிளம்பாது! மேலேயுள்ள ஏடிஎஸ்ஸிலிருந்து ஜெனரேட்டருக்கு ஸ்டார்ட் சிக்னல் கொண்டுவரும் கன்ட்ரோல் கேபிள் ஒன்று வேண்டும். அதுவும் தீயைத் தாங்கும் வகையாக, ஜெனரேட்டர் கேபிளின் பாதையிலேயே வர வேண்டும். இதை விட்டுவிட்டால் இரண்டாவது கேபிளுக்குக் கொடுத்த பணம் முழுக்க வீண்.

செலவில் இது கூடுதல்தான். ஆனால் 12 ஆம்பியருக்கு 10 சதுர மி.மீ. செப்புக் கேபிள் போதும். எல்டி அறையிலிருந்து மொட்டைமாடி வரை 60 மீட்டர் என்று வைத்து, கிளம்பும் நேரத்தில் 25 ஆம்பியர் போனாலும் வோல்டேஜ் இழப்பு சுமார் 6 வோல்ட், ஒன்றரை சதவீதத்துக்குள். பணம் அதிகம் போவது கேபிளில் இல்லை, குடியிருக்கும் கட்டடத்தில் இரண்டாவது பாதையைத் துளைப்பதில். கட்டும்போதே செய்தால் அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

## வழி 4: இரண்டு கிரிட் இணைப்பு

வெவ்வேறு கிரிட்டிலிருந்து வரும் தனித்தனித் துணை மின்நிலையத்து இணைப்பு இரண்டு இருந்தால், அனுமதி தரும் அதிகாரியின் சம்மதத்தோடு ஜெனரேட்டர் வேண்டாம் என்று விடலாம் என்று 2016 பதிப்பு சொல்கிறது. இதில் டீசல், புகை, சத்தம் இல்லை. மாற்றமும் வேகமாக நடக்கும். மருத்துவமனை, பெரிய அலுவலக வளாகம் போன்ற இடங்களில் இது பொருந்தும்.

குடியிருப்புக்கு நான் பரிந்துரைப்பதில்லை. இரண்டு ஃபீடரும் ஒரே துணை மின்நிலையத்திலிருந்து வந்தால் அது இரண்டு சப்ளை ஆகாது. உண்மையிலேயே தனித்தனியாக வந்தாலும் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் நகரின் பெரும்பகுதியில் மின்சாரத்தைச் சேர்த்தே நிறுத்தினார்கள். அதோடு, பயன்படுத்தாத இரண்டாவது இணைப்புக்கும் மாதாமாதம் நிலைக் கட்டணம் உண்டு.

## ஒரே பார்வையில்

| | பேட்டரி மட்டும் | மாற்றி கீழே | மாற்றி மேலே | இரண்டு கிரிட் |
|---|---|---|---|---|
| ஓடும் நேரம் | ஒரு பயணம் | டீசல் உள்ளவரை | டீசல் உள்ளவரை | கிரிட் உள்ளவரை |
| ஒன்றாகும் இடம் | – | எல்டி அறை | லிஃப்ட் அருகே | மாற்றி நிற்கும் இடம் |
| ஒரு கேபிள் எரிந்தால் | நின்றுவிடும் | நின்றுவிடும் | ஓடும் | மாற்றி மேலே இருந்தால் ஓடும் |
| மறைந்த செலவு | பேட்டரி மாற்றம் | ஜெனரேட்டர் அளவு | இரண்டாவது பாதை, ஸ்டார்ட் சிக்னல் | நிலைக் கட்டணம் |
| பொருந்தும் இடம் | 15 மீட்டருக்குள் | நடுத்தர உயரம், பழைய கட்டடம் | 30 மீட்டருக்கு மேல், புதுக் கட்டடம் | மருத்துவமனை, வளாகம் |

## கேபிளில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

எந்த வழியை எடுத்தாலும் விலைப்புள்ளியில் ஏமாறும் இடம் இது. "எஃப்ஆர்எல்எஸ் கேபிள்" என்று போட்டிருப்பார்கள். படிப்பவர் தீயைத் தாங்கும் கேபிள் என்று நினைத்துக்கொள்வார். எஃப்ஆர்எல்எஸ் என்றால் நெருப்பு அந்தக் கேபிள் வழியாகப் பரவாது, எரிந்தால் புகை குறைவாக வரும் என்றுதான் பொருள். தீயில் அகப்பட்டால் அதன் உறை உருகிச் சில நிமிடங்களில் ஷார்ட் ஆகிவிடும்.

நமக்கு வேண்டியது தீயிலும் கரண்ட் கொண்டுபோகும் எஃப்எஸ் வகை. அதன் செப்புக் கம்பியைச் சுற்றி மைக்கா நாடா இருக்கும். பிளாஸ்டிக் எரிந்து போன பிறகும் அந்த மைக்கா கம்பியைக் காத்து நிற்கும். இந்தியத் தரநிலை ஐஎஸ் 17505. பிரிட்டனின் பிஎஸ் 6387 சோதனையையும் பல தயாரிப்பாளர்கள் காட்டுவார்கள். அதில் மூன்று எழுத்து: சி என்றால் 950 டிகிரியில் 3 மணி நேரம், டபிள்யூ என்றால் நெருப்போடு தண்ணீர், இசட் என்றால் நெருப்போடு அடி. கவனிக்க வேண்டியது, இந்த மூன்றும் தனித்தனித் துண்டுகளில் நடக்கின்றன. உண்மைத் தீயில் வெப்பம், தண்ணீர், மேலிருந்து விழும் இடிபாடு மூன்றும் ஒரே கேபிளின்மேல்தான் வரும். அதனால் 20 மி.மீ.க்கு மேல் விட்டமுள்ள கேபிளுக்கு, ஒரே துண்டில் எல்லாவற்றையும் சோதிக்கும் பிஎஸ் 8491 சான்றிதழ் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் கிளிப். நல்ல எஃப்எஸ் கேபிளைப் பிளாஸ்டிக் டையால் கட்டியிருந்தால் தீயில் டை உருகும், கேபிள் தொங்கும், மைக்கா விரிசல் விடும். எஃகுக் கிளிப்பும் எஃகு ஆணியும் வேண்டும். வழியில் இணைப்பு போடாமல் ஒரே நீளமாகப் போக வேண்டும்.

## கரண்ட் போன அந்த அரை நிமிடம்

இனி மூன்றாவது அளவுகோல். தரைத்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஃபயர் ஸ்விட்சைப் போட்டு, நான்கு வீரர்கள் லிஃப்ட்டில் ஏறிப் பத்தாம் மாடிக்குப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே ஈபி போகிறது. பிரேக் உடனே பிடிக்கிறது, விளக்கு பேட்டரிக்கு மாறுகிறது. ஜெனரேட்டர் கிளம்பி, வோல்டேஜ் நிலையாகி, ஏடிஎஸ் மாற நல்ல பராமரிப்பில் 10 முதல் 15 வினாடி ஆகும். கன்ட்ரோலர் திரும்ப உயிர்பெற இன்னும் சில வினாடிகள்.

இந்த இடைவெளியில்தான் வழி 1-இல் பார்த்த ஏஆர்டி குறுக்கே வருகிறது. பல கட்டடங்களில் ஜெனரேட்டரோடு ஏஆர்டியும் இருக்கிறது. ஜெனரேட்டர் வருவதற்குள் அது விழித்துக்கொண்டு லிஃப்ட்டை ஆறாம் மாடிக்கு நகர்த்திக் கதவைத் திறந்துவிடலாம். ஆறாம் மாடி எரிந்துகொண்டிருந்தால் புகை நேராக உள்ளே வரும். ஆகவே ஃபயர் ஸ்விட்ச் போட்டிருக்கும்போது ஏஆர்டி செயல்படக்கூடாது. அந்த நேரத்தில் கதவு, உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தால் மட்டுமே திறக்க வேண்டும்.

கரண்ட் திரும்பிய பிறகும் ஒரு சிக்கல் உண்டு. சில கன்ட்ரோலர்கள் தான் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டு, அடித்தளம் வரை இறங்கிக் கணக்கைத் தொடங்கும். வேறு சில, ஸ்விட்ச் போட்டிருப்பதைப் பார்த்துப் புதிதாக அழைப்பு வந்ததாக எண்ணித் தரைத்தளத்துக்கே திரும்பும். வீரர்கள் மறுபடி கீழே வந்து நிற்பார்கள். ஐரோப்பியத் தரநிலை இஎன் 81-72 இதில் தெளிவாக இருக்கிறது: கரண்ட் வந்த ஒரு நிமிடத்துக்குள் லிஃப்ட் தயாராக வேண்டும், இடத்தைக் கண்டுபிடிக்க நகர வேண்டியிருந்தால் இரண்டு மாடிக்கு மேல் நகரக்கூடாது. உங்கள் லிஃப்ட் நிறுவனத்திடம் இந்த இரண்டு வரியையும் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று கரண்ட் இருந்தும் லிஃப்ட் நிற்கும் நிலை. எரிகிற மாடியின் அழைப்புப் பொத்தான் ஒயர் உருகி ஷார்ட் ஆனால், அதே 24 வோல்ட் சப்ளையில் ஓடும் கன்ட்ரோலரின் ஃபியூஸும் போய்விடும். பவர் கேபிளுக்கு எத்தனை செலவழித்திருந்தாலும் பயனில்லை. மாடிப் பொத்தான்களுக்குத் தனி ஃபியூஸும் தனி சப்ளையும் வேண்டும்.

## உதாரணக் கட்டடத்துக்கு நான் சொல்வது

புதிதாகக் கட்டுவதாக இருந்தால் யோசிக்காமல் வழி 3. ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் கட்டடத்தில், இரண்டாவது பாதைக்கு இடமிருந்தால் வழி 3, இல்லாவிட்டால் திருத்தங்களோடு வழி 2. கையில் பணம் குறைவென்றால் வரிசை இப்படி: முதலில் ஏஆர்டியை ஃபயர் ஸ்விட்சோடு பூட்டுவது, பிறகு மெயினுக்கு முன்னாலிருந்து தனி இணைப்பு, பிறகு எஃப்எஸ் கேபிள். முதல் வேலைக்குச் செலவு மிகக் குறைவு, பெரும்பாலான கன்ட்ரோலர்களில் சில ஒயரும் ஓர் அமைப்பு மாற்றமும்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சோதனை ஒன்றுதான். நான் பார்த்த ஒரு கட்டடத்தில் வாரம் தவறாமல் ஜெனரேட்டரை ஓட்டிப் பதிவேட்டில் எழுதிவந்தார்கள். ஆனால் ஃபயர் லிஃப்ட்டை ஜெனரேட்டரில் ஓட்டிப் பார்க்கவே இல்லை. ஓட்டியபோது நகரவில்லை. ஜெனரேட்டர் சர்வீஸின்போது இரண்டு பேஸ் ஒயர் இடம் மாறியிருந்தது. லிஃப்ட்டின் பேஸ் வரிசை ரிலே, தலைகீழ் வரிசையைக் கண்டு மறுத்துவிட்டது. விளக்குகளுக்குப் பேஸ் வரிசை முக்கியமில்லை என்பதால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு ஒயரை மாற்றிப் போட்டதும் சரியானது.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, லிஃப்ட் மெக்கானிக்கும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து இருக்கும்போது, ஃபயர் ஸ்விட்சைப் போட்டு மெக்கானிக் மட்டும் லிஃப்ட்டில் ஏறட்டும், கையில் போன் இருக்கட்டும். நடு மாடிகளுக்கு இடையே வரும்போது ஈபி பிரேக்கரை அணைத்து நேரம் பாருங்கள். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை வினாடியில் ஜெனரேட்டர் சப்ளை வந்தது, அதுவரை லிஃப்ட் நகர்ந்ததா, கதவு தானாகத் திறந்ததா, சப்ளை வந்ததும் தரைக்கு இறங்கியதா அல்லது மெக்கானிக் அழுத்திய மாடிக்குப் போனதா. வழி 3 என்றால், மேலேயுள்ள ஏடிஎஸ்ஸுக்கு வரும் ஈபி கேபிளை மட்டும் அணைத்து இன்னொரு முறை பாருங்கள். கீழே ஈபி இருக்கும்போதே ஜெனரேட்டர் கிளம்புகிறதா என்பது அப்போது தெரியும்.